ஜனவரிக் காசோலையில் 15-01-2024 என்று எழுதப்பட்டிருந்ததால் வங்கி திருப்பிவிட்டது: இனி என்ன செய்யலாம்?

சீமெந்துக்கடை (களுவாஞ்சிகுடி)
17 ஜனவரி 2025

அனைவருக்கும் வணக்கம். கடந்த டிசம்பர் 2 ஆம் திகதி, அம்பாறைப் பக்கத்தில் கட்டட வேலை செய்யும் ஓர் ஒப்பந்தகாரருக்கு சீமெந்து, கம்பி, கூரைத் தகடு ஆகியவற்றை 450,000 ரூபாய்க்குக் கடனாகக் கொடுத்தேன். அவர் கடையிலேயே இருந்து 150,000 ரூபாய் வீதம் மூன்று காசோலைகளை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் 15 ஆம் திகதிகளில் ஒவ்வொன்றாக வைப்பிலிடுவது என்பதே எங்கள் பேச்சு.

முதலாவதன் திகதி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தமையால் மறுநாள் திங்கட்கிழமை போட்டேன், பணம் வந்தது. இரண்டாவதை, போயாவும் தைப்பொங்கலும் முடிந்த பின், இம்மாதம் 15 ஆம் திகதி புதன்கிழமை மட்டக்களப்பில் உள்ள எனது வங்கியில் போட்டேன். இன்று அது காலங்கடந்த காசோலை என்ற காரணத்துடன் திரும்பியிருக்கிறது. பார்த்தால் திகதிக் கட்டங்களில் 15-01-2024 என்று இருக்கிறது. லாச்சியில் உள்ள மூன்றாவது காசோலையிலும் 15-02-2024 என்றே எழுதப்பட்டுள்ளது.

ஒப்பந்தகாரரிடம் தொலைபேசியில் பேசினேன். கணக்கில் பணம் இருக்கிறது, இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள் என்கிறார். பணம் இருக்கும்போது வங்கி ஏன் மறுக்க வேண்டும்? வருடத்தின் கடைசி இலக்கத்தை நானே 5 ஆக மாற்றினால் பிழையா? இந்தக் காசோலையை வைத்துக்கொண்டு கடனைக் கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா?

மருதமுனை நானா
17 ஜனவரி 2025

தம்பி, கைத்தறிச் சாரன் வியாபாரத்தில் இது நாங்கள் அடிக்கடி காணும் சங்கதி. நீங்கள் கை வைக்க வேண்டாம். ஒப்பந்தகாரரைக் கூப்பிட்டு வருடத்தை வெட்டி எழுதச் சொல்லி, பக்கத்தில் அவருடைய முழுக் கையொப்பத்தையும் போடச் சொல்லுங்கள். எத்தனையோ காசோலைகளை அப்படித் திருத்தி மாற்றியிருக்கிறோம்.

ஆனால் ஒரு விடயத்தை மறந்துவிடாதீர்கள். காசோலைக்கு ஆயுள் ஆறு மாதம். ஆறு மாதம் கடந்துவிட்டால் அந்தக் கடதாசிக்கும் பெறுமதி இல்லை, அதைக் காட்டி கடனைக் கேட்கவும் முடியாது. ஆகவே அவரை நல்ல முகத்தோடு கவனித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர் (மட்டக்களப்பு)
17 ஜனவரி 2025

நானா சொல்வதில் பாதி சரி, பாதி பழைய நடைமுறை. கடனைப் பற்றிய பகுதியைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும், நான் வங்கி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

காசோலை என்பது கணக்கு வைத்திருப்பவர் தன் வங்கிக்கு இடும் எழுத்து மூலமான கட்டளை. "இந்தத் திகதியில், இவருக்கு, இவ்வளவு கொடு" என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. வங்கி அலுவலர் அந்தக் கட்டளையை எழுதியவாறே படிக்க வேண்டும். எழுதியவர் மனதில் 2025 இருந்திருக்கலாம் என்று ஊகிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. 15-01-2024 என்று எழுதப்பட்ட கட்டளை கடந்த ஜூலை நடுப்பகுதியுடன் ஆறு மாதத்தைக் கடந்துவிட்டது. அதாவது, உங்கள் ஒப்பந்தகாரர் டிசம்பர் 2 ஆம் திகதி பேனாவை எடுத்தபோதே அந்தக் காசோலை காலங்கடந்ததாகத்தான் இருந்தது. கணக்கில் எத்தனை இலட்சம் இருந்தாலும் அந்தக் கட்டம் வரை பரிசீலனை போவதே இல்லை, திகதியிலேயே நின்றுவிடும்.

பழைய திகதியை வங்கிகள் ஏன் மறுக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு வருடத்துக்கு முந்திய கட்டளை வந்தால், எழுதியவர் அந்தக் கடனை இதற்கிடையில் காசாகக் கொடுத்துத் தீர்த்திருக்கலாம். காசோலை தொலைந்ததென்று எண்ணி வேறொன்று எழுதிக் கொடுத்திருக்கலாம். கம்பனிக் கணக்காக இருந்தால் அன்று கையொப்பமிட்ட பணிப்பாளர் இன்று அங்கே இல்லாமல் இருக்கலாம். கட்டளை இன்னமும் உயிரோடு இருக்கிறதா என்ற சந்தேகத்தோடு வாடிக்கையாளரின் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அவருக்குப் பதில் சொல்ல எந்த வங்கியும் விரும்பாது. ஆறு மாதம் என்பது அந்தச் சந்தேகத்துக்காக எங்கள் நாட்டு வங்கிகள் வைத்துக்கொண்ட எல்லை.

முன்பு ஒரே ஊர்க் கிளைகளுக்கு இடையில் இப்படியான தவறு வந்தால், முகாமையாளர் தொலைபேசியை எடுத்து வாடிக்கையாளரைக் கேட்டுவிடுவார். 2006 இல் காசோலையின் படிமத்தை மட்டும் அனுப்பும் முறை வந்த பிறகு நிலைமை வேறு. நீங்கள் போட்ட காசோலைத் தாள் மட்டக்களப்பில் உங்கள் வங்கியிலேயே நின்றுவிடுகிறது. அதன் படம்தான் கொழும்பு கிளியரிங் ஊடாக ஒப்பந்தகாரரின் வங்கிக்குப் போகிறது. அங்கே அதைத் திரையில் பார்ப்பவர் அம்பாறைக் கிளையில் இருப்பவராகவே இருக்க வேண்டும் என்றில்லை. குறித்த நேரத்துக்குள் அவர் பதில் கொடுத்தாக வேண்டும். உங்களையும் தெரியாது, ஒப்பந்தகாரரையும் தெரியாது.

வெட்டித் திருத்திக் கையொப்பமிடுவதும் இதனாலேதான் இப்போது உதவாது. திருத்தத்தைச் செய்தது யார், வேறு மையா, அழித்து எழுதியதா என்பதையெல்லாம் படத்தில் தடவிப் பார்க்க முடியாது. திருத்தம் உள்ள காசோலையை வைப்பிலிடும் இடத்திலேயே திருப்பித் தருவது இன்று சாதாரணம். அப்படியே ஏற்றுக்கொண்டாலும் மறுபக்கத்தில் நிற்கும். புதிய காசோலை வாங்குவதே வழி.

மூன்றாவதை வைப்பிலிட வேண்டாம். பெப்ரவரி 15 சனிக்கிழமை. நீங்கள் 17 ஆம் திகதி போட்டு அடுத்த நாட்களில் இதே பதிலைப் பெறுவதற்கு, ஒரு மாதத்தை ஏன் வீணாக்க வேண்டும்? இப்போதே இரண்டுக்கும் சேர்த்துப் புதியவை கேளுங்கள்.

சென்னை மட்டக்களப்பான்
18 ஜனவரி 2025

காசோலைக்கு மூன்று மாதம்தான் என்று இங்கே வங்கியில் என்னிடம் தெளிவாகச் சொன்னார்கள். காசாளர் ஐயா ஆறு மாதம் என்கிறார். யாராவது பழைய விதியைச் சொல்லி மற்றவர்களைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற காசாளர் (மட்டக்களப்பு)
18 ஜனவரி 2025

நீங்கள் கேட்டது இந்தியாவுக்குச் சரியானது. அங்கும் முன்பு ஆறு மாதம்தான் இருந்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் அதை மூன்று மாதமாகக் குறைத்தது. இலங்கை வங்கியின் மீது வரையப்படும் காசோலைக்கு அந்த விதி பொருந்தாது. இங்கே ஆறு மாதமே நடைமுறை.

வயல்காரன் (சம்மாந்துறை)
18 ஜனவரி 2025

எனக்கு இதற்கு நேர் எதிரான அனுபவம். சென்ற சிறுபோக நெல்லை ஓர் ஆலைக்காரருக்குக் கொடுத்தேன். அவர் 30-09-2024 என்று திகதியிட்ட காசோலையைத் தந்தார். உழவு இயந்திரத்தின் லீசிங் தவணை நெருக்கியதால், அதை முன்கூட்டியே, 20 ஆம் திகதி அளவில் வைப்பிலிட்டேன். வைப்புச் சீட்டில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பிறகு, திகதி வரவில்லை என்று திருப்பிவிட்டார்கள். ஆலைக்காரரோ தன் பெயரைக் கெடுத்துவிட்டதாகக் கோபித்து, அடுத்த போகத்து நெல்லை எடுப்பாரோ மாட்டாரோ என்ற நிலைக்கு வந்துவிட்டது.

பழைய திகதி என்றாலும் மறுக்கிறார்கள், வரப்போகும் திகதி என்றாலும் மறுக்கிறார்கள். காசோலையைத் தந்த பிறகு பணம் என்னுடையது அல்லவா? பணம் கணக்கில் கிடந்தால் பத்து நாள் முன்னதாகக் கொடுப்பதில் வங்கிக்கு என்ன நட்டம்?

ஓய்வுபெற்ற காசாளர் (மட்டக்களப்பு)
18 ஜனவரி 2025

உங்கள் கேள்வி நியாயமானது, ஆனால் காசோலை கைக்கு வந்ததால் கணக்கில் உள்ள பணம் உங்களுடையதாகிவிடுவதில்லை. செப்டெம்பர் 30 வரை அந்தக் கணக்கைத் தன் விருப்பப்படி பயன்படுத்த ஆலைக்காரருக்கு உரிமை உண்டு. 25 ஆம் திகதி அவர் மின்சாரக் கட்டணத்துக்கும் கூலிக்கும் வேறு காசோலைகள் எழுதியிருப்பார். உங்களுடையதை வங்கி 20 ஆம் திகதியே கொடுத்துவிட்டால் அந்தக் காசோலைகள் பணமில்லாமல் திரும்பும். அப்போது அவர் வங்கியைத்தான் பிடிப்பார்: "நான் 30 ஆம் திகதி கொடு என்றேன், நீ யாரைக் கேட்டு முன்னதாகக் கொடுத்தாய்?" அவர் கேட்பதில் பிழை சொல்ல முடியாது.

அதோடு, திகதி வருமுன் அந்தக் காசோலையை நிறுத்தும்படி அவர் வங்கிக்கு எழுதிக் கொடுக்கவும் முடியும். அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வங்கிக்குக் கிடைத்தால், அன்றிலிருந்து அவருடைய தனிக் கணக்கின் மீதான காசோலைகள் நின்றுவிடும். எனவே பிற்திகதியிட்ட காசோலையைக் கையில் வைத்திருப்பவர், அந்தத் திகதி வரை எழுதியவரின் நேர்மையையும் ஆயுளையும் நம்பித்தான் இருக்கிறார். பணம் முன்னதாக வேண்டுமானால், அத்தகைய காசோலையைப் பொறுப்பெடுத்து ஒரு பகுதியைக் கடனாகத் தரும் வசதி சில வங்கிகளில் உண்டு. ஆனால் அதற்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்திருக்க வேண்டும், வட்டியும் போகும்.

திகதி வராததால் திரும்பிய காசோலை கெட்டுப்போவதில்லை. உரிய நாளில் மீண்டும் சமர்ப்பிக்கலாம். சீமெந்துக்கடைத் தம்பியின் காசோலைக்கு அந்த வாய்ப்பு இல்லை, ஏனென்றால் காத்திருக்கக் காத்திருக்க அது இன்னும் பழையதாகத்தான் ஆகும்.

டீச்சர் (அக்கரைப்பற்று)
18 ஜனவரி 2025

அப்படியானால் எனது காசோலையும் வீணாகிவிட்டது போலிருக்கிறது. சென்ற ஜூன் மாதம் சீட்டுக் காசுக்காக ஒருவர் 31-08-2024 என்று திகதியிட்ட காசோலையைத் தந்தார். இடையில் தங்கச்சியின் கல்யாண வேலைகளில் அதைக் கவனிக்கவில்லை. ஜூனில் இருந்து ஆறு மாதம் டிசம்பரிலேயே முடிந்துவிட்டதே. அவரிடம் திரும்பவும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற காசாளர் (மட்டக்களப்பு)
18 ஜனவரி 2025

இல்லை டீச்சர். கைமாறிய நாள் வங்கிக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதற்கு வேலை இல்லை. தாளில் உள்ள திகதியில் இருந்தே எண்ண வேண்டும். உங்களுடையது பெப்ரவரி இறுதி வரை செல்லும். ஆனாலும் திங்கட்கிழமையே போட்டுவிடுங்கள். இவ்வருடம் பெப்ரவரி 26 சிவராத்திரி விடுமுறை, 28 வெள்ளிக்கிழமை. பிற்பகலில் கிளியரிங் மூடிய பின் போட்டால் அது அடுத்த வேலை நாளில்தான் போகும், அப்போது மார்ச் வந்துவிடும். நீங்கள் போட்ட நாளை விட, அது மறு வங்கிக்குப் போய்ச் சேரும் நாள்தான் பார்க்கப்படும்.

மருதமுனை நானா
19 ஜனவரி 2025

ஆறு மாதம் முடியும் அந்தக் கடைசி நாள் உள்ளேயா வெளியேயா, காசாளர் ஐயா? 15-07-2024 என்ற காசோலையை 15-01-2025 அன்று போட்டால் எடுப்பார்களா? என் மச்சானுடையதை எடுத்தார்கள், என்னுடையதை எடுக்கவில்லை என்று ஞாபகம்.

ஓய்வுபெற்ற காசாளர் (மட்டக்களப்பு)
19 ஜனவரி 2025

நான் வேலை செய்த காலத்திலும் இதில் இரண்டு விதமாக நடந்துகொண்ட அலுவலர்களைக் கண்டிருக்கிறேன். சண்டை பிடிக்கக் கூடிய விடயம்தான், ஆனால் அந்தச் சண்டையில் வென்றாலும் பணம் பிந்தித்தான் வரும்.

சட்டத்தரணி (கல்முனை)
19 ஜனவரி 2025

இழையைத் தொடக்கியவரின் கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆறு மாதத்தோடு கடன் போய்விடும் என்று நானா எழுதியது சரியல்ல. எங்கள் காசோலைச் சட்டம் 1927 ஆம் ஆண்டின் மாற்றுண்டியல் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. காசோலையை நியாயமான காலத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சமர்ப்பிக்கத் தாமதித்ததால் எழுதியவருக்கு உண்மையில் நட்டம் ஏற்பட்டிருந்தால், உதாரணமாக இதற்கிடையில் அவருடைய வங்கி முறிந்து பணம் போயிருந்தால், அந்த நட்டத்தின் அளவுக்கு அவர் விடுபடுகிறார். அவ்வளவுதான். வங்கி காசோலையை மறுப்பதும், எழுதியவர் கடனில் இருந்து தப்புவதும் ஒன்றல்ல. பொருளை வாங்கியவர் விலையைக் கொடுக்கும் கடமையில் இருந்து, தன் கையால் வருடத்தைப் பிழையாக எழுதி விடுபட முடியாது.

அடுத்தது, தயவுசெய்து 4 ஐ 5 ஆக்க வேண்டாம். திகதியை மாற்றுவதை அதே சட்டம் முக்கியமான மாற்றமாகக் குறிப்பிட்டே சொல்கிறது. எழுதியவரின் சம்மதமில்லாமல் அதைச் செய்தால் காசோலையின் மீது அவருக்கு எதிராக உங்களுக்கு இருக்கும் உரிமையை நீங்களே அழித்துவிடுவீர்கள். இப்போது பிழை அவருடையது. மாற்றினால் பிழை உங்களுடையதாகிவிடும், வேறு குற்றச்சாட்டுகளும் வரலாம். திகதியே எழுதாமல் வெறுமையாகத் தரப்பட்ட காசோலை வேறு கதை. அதில் பேசிக்கொண்டபடி உண்மையான திகதியை நிரப்ப வைத்திருப்பவருக்கு இடமுண்டு. எழுதப்பட்ட திகதியை மாற்ற இடமில்லை.

உங்களுக்கு உண்மையில் உதவக் கூடியது வேறொன்று. காசோலையில் உள்ள திகதியே உண்மையான திகதி என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது, ஆனால் "மாறாக நிரூபிக்கப்படும் வரை" என்ற நிபந்தனையோடு. ஆகவே அது 2024 ஜனவரியில் எழுதப்பட்டதல்ல என்று காட்ட முடியும். மூன்று காசோலைகளின் இலக்கங்களையும் பாருங்கள். ஒரே புத்தகத்தில் இருந்து தொடர்ச்சியாகக் கிழிக்கப்பட்டவை என்றால் அவை அடுத்தடுத்த இலக்கங்களாக இருக்கும். முதலாவது 15-12-2024 என்ற திகதியுடன் பணமாகியிருக்கிறது. அதற்கு அடுத்த இலக்கத்தைக் கொண்ட காசோலை அதற்குப் பதினொரு மாதங்களுக்கு முன் எழுதப்பட்டது என்று எவரும் நேராக நின்று சொல்ல முடியாது. அந்தப் புத்தகம் வாடிக்கையாளருக்கு எப்போது வழங்கப்பட்டது என்பதும் அவருடைய வங்கியின் பதிவில் இருக்கும். உங்கள் டிசம்பர் 2 ஆம் திகதிப் பில்லையும் அதனுடன் சேர்த்தால் கதை முழுமையாகிவிடும்.

சீமெந்துக்கடை (களுவாஞ்சிகுடி)
19 ஜனவரி 2025

மிக்க நன்றி அம்மா. இலக்கங்கள் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. கடைசி இரண்டு இலக்கங்கள் 41, 42, 43.

காசோலை திரும்பினால் பொலிஸில் முறைப்பாடு செய்யலாம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். அதைச் சொல்லி ஒப்பந்தகாரரை நெருக்கலாமா?

சட்டத்தரணி (கல்முனை)
19 ஜனவரி 2025

பக்கத்துக் கடைக்காரர் நினைப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க, கடன் அறவிடல் பற்றிய சட்டத்தை. கணக்கில் பணம் இல்லை அல்லது போதாது என்று தெரிந்தே காசோலை எழுதுவதையும், எழுதிய பின் கொடுப்பனவை நிறுத்துவதையும் அது குற்றமாக்குகிறது. உங்கள் காசோலை திரும்பிய காரணம் இரண்டிலும் அடங்கவில்லை. கணக்கில் பணம் இருந்ததா என்று வங்கி பார்க்கவே இல்லை. பிழையான திகதியை வேண்டுமென்றே எழுதினார் என்று காட்டினால் ஏமாற்றுதல் பற்றிப் பேசலாம், ஆனால் அதற்கு இன்னும் நிறைய வேண்டும். இல்லாத வழக்கைச் சொல்லி மிரட்டினால் அவர் ஒரு சட்டத்தரணியிடம் போவார், போனதும் உங்கள் மிரட்டலின் பலம் அவருக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய கால எல்லை வேறு. வழக்கிடும் காலம் பற்றிய 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தில், மாற்றுண்டியல் மீதும் எழுத்து மூல வாக்குறுதி மீதும் வழக்கிட ஆறு வருடம் உண்டு. ஆனால் விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்காகவோ கடைக் கணக்குக்காகவோ வழக்கிடுவதென்றால் ஒரு வருடம்தான். காசோலையை வைத்து வழக்கிட்டால் திகதிப் பிரச்சினை முன்னால் வரும். பில்லை வைத்து வழக்கிட்டால் ஒரு வருடம் ஓடிக்கொண்டிருக்கும். கடைக்காரர்கள் காசோலை இருக்கிறதே என்று இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு எங்களிடம் வருவது இங்கேதான் சிக்கலாகிறது.

மருதமுனை நானா
19 ஜனவரி 2025

சட்டத்தரணி அம்மாவின் விளக்கத்துக்கு நன்றி, கடன் பற்றி நான் எழுதியதை மீளப் பெறுகிறேன். ஆனால் ஒரு சந்தேகம் எனக்கு மாறவில்லை. முதலாவது காசோலையில் வருடம் சரி, மற்ற இரண்டிலும் பிழை. தற்செயலாக இரண்டு தடவை பிழைக்குமா? முதலாவதைக் கொடுத்து நம்பிக்கையை வாங்கிவிட்டு, மற்ற இரண்டையும் திரும்பும்படி எழுதும் ஆட்களும் இந்த உலகத்தில் உண்டு. திகதி பிழை என்று திரும்பினால் பணமில்லை என்ற கெட்ட பெயரும் வராது, அவகாசமும் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற காசாளர் (மட்டக்களப்பு)
20 ஜனவரி 2025

நான் அப்படிப் பார்க்க மாட்டேன் நானா. டிசம்பரில் எழுதுபவரின் கை வருடம் முழுவதும் எழுதிய 2024 ஐத்தான் எழுதும். முதலாவதில் மாதம் டிசம்பர், ஆகவே அது சரியாக வந்தது. மற்ற இரண்டிலும் மாதத்தை மாற்ற நினைவு வந்தது, வருடத்தை மாற்ற வரவில்லை. டிசம்பரில் எழுதிய பிற்திகதிக் காசோலைகளில் இது நாங்கள் எதிர்பார்த்தே இருக்கும் பிழை. ஜனவரி முதல் வாரங்களில் அன்றைய திகதிக்கு எழுதும் காசோலைகளிலும் இதே பிழை வரும், ஆனால் அவை உடனே வங்கிக்கு வருவதால் உடனே பிடிபடும். பிற்திகதியிட்டது மாதக் கணக்கில் லாச்சியில் கிடப்பதால் பிழையும் அங்கேயே கிடக்கிறது.

வேண்டுமென்று செய்தாரா என்பதைத் தாளில் இருந்து அறிய முடியாது. புதிய காசோலை கேட்கும்போது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் ஓரளவு தெரியும்.

தம்பி, மாற்றும்போது இப்படிச் செய்யுங்கள். இரண்டாவது காசோலை திரும்பியதற்கு உங்கள் வங்கி ஓர் அறிவிப்புத் தந்திருக்கும், அதில் காசோலையின் படமும் திரும்பிய காரணமும் இருக்கும். அதைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம், பிரதி ஒன்றைக் காட்டினால் போதும். மூன்றாவது காசோலையை, புதியது உங்கள் கையில் வந்து, திகதி, இலக்கத்தில் தொகை, எழுத்தில் தொகை, கையொப்பம் எல்லாவற்றையும் நின்று வாசித்த பிறகே கொடுங்கள், கொடுக்குமுன் கைபேசியில் இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். ஒரே கடனுக்கு இரண்டு தடவை பணம் போய்விடுமோ என்று அவர் பயப்படலாம். "42, 43 ஆகிய காசோலைகளில் வருடம் தவறாக எழுதப்பட்டமையால், டிசம்பர் 2 ஆம் திகதிப் பில்லுக்குரிய அதே தொகைக்காக இவை பதிலாகத் தரப்படுகின்றன" என்று ஒரு கடிதம் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் அவருடைய பயமும் தீரும், உங்களுக்கும் எழுத்து கிடைக்கும்.

சட்டத்தரணி (கல்முனை)
20 ஜனவரி 2025

அந்தக் கடிதத்தை நான் இரட்டிப்பாக ஆதரிக்கிறேன். மீதி 300,000 ரூபாய் இன்னும் தர வேண்டியது என்ற ஒரு வரியையும் அதில் சேர்த்து, அவரிடம் கையொப்பம் வாங்குங்கள். கடனை எழுத்தில் ஏற்றுக்கொண்டால் ஒரு வருட எல்லை பற்றிய கவலை பெருமளவு குறையும்.

சீமெந்துக்கடை (களுவாஞ்சிகுடி)
24 ஜனவரி 2025

நேற்று அம்பாறைக்குப் போய் அவரைச் சந்தித்தேன். இரண்டாவதற்குப் பதிலாக 31-01-2025 என்று திகதியிட்ட புதிய காசோலையை மறுப்பில்லாமல் எழுதித் தந்தார். கடிதத்திலும் கையொப்பமிட்டார். ஆனால் மூன்றாவதற்கு, புத்தகத்தில் தாள் முடியப் போகிறது, பெப்ரவரியில் புதிய புத்தகம் வந்ததும் தருகிறேன், அதுவரை பழையதே உங்களிடம் இருக்கட்டும் என்கிறார். கடிதத்தில் மீதித் தொகை 300,000 என்றும், மூன்றாவது பின்னர் மாற்றித் தரப்படும் என்றும் எழுதியிருக்கிறோம்.

இன்னொரு கேள்வி. அந்த ஒரு வருடம் பொருளை ஏற்றிய டிசம்பர் 2 இல் இருந்தா, அல்லது ஒவ்வொரு தவணைத் திகதியில் இருந்தா ஓடும்?

மருதமுனை நானா
24 ஜனவரி 2025

தாள் முடியப் போகிறது என்றால் இன்னும் முடியவில்லை என்றுதானே பொருள்!

சட்டத்தரணி (கல்முனை)
25 ஜனவரி 2025

கடன் செலுத்த வேண்டியதாகும் நாளில் இருந்து எண்ண வேண்டும் என்பதே சட்டத்தின் வாசகம். தவணை பேசியிருந்தால் தவணை நாள் என்று நீங்கள் வாதிடலாம், பொருள் கைமாறிய நாளே என்று எதிர்த்தரப்பு வாதிடும். உங்கள் பில்லில் தவணைகள் எழுதப்பட்டுள்ளனவா என்பதில்தான் அது பெரிதும் தங்கும், வாய்ப் பேச்சென்றால் நிரூபிக்கும் சுமை உங்களுடையது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் டிசம்பர் 2 ஐயே கணக்கில் வைப்பேன், புதிய காசோலை பெப்ரவரி 17 வரை வராவிட்டால் அந்தக் கடிதத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவேன். இப்போதைய கடிதத்தின் மூலப்பிரதி உங்களிடம் இருக்கிறதா, அவரிடமா?

சீமெந்துக்கடை (களுவாஞ்சிகுடி)
25 ஜனவரி 2025

மூலப்பிரதி என்னிடம்தான். பில்லில் தவணைகள் எழுதப்படவில்லை, ஆனால் அதன் பின்பக்கத்தில் மூன்று காசோலைகளின் இலக்கமும் தொகையும் திகதியும் அவருடைய கையெழுத்திலேயே இருக்கின்றன. அதில் ஜனவரி, பெப்ரவரி இரண்டுக்கும் வருடம் 2025 என்றுதான் எழுதியிருக்கிறார்.

சட்டத்தரணி (கல்முனை)
25 ஜனவரி 2025

அந்தப் பின்பக்கத்தைத்தான் முதலில் காட்டியிருக்க வேண்டும். திகதி பற்றிய தகராறுக்கு இலக்கத் தொடர்ச்சியை விட அது வலுவான சான்று, தவணை பற்றிய வாதத்துக்கும் அதுவே எழுத்து. பில்லைக் கடையில் வைக்காமல் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.